ஏரிக்கரையும் மூன்று வண்டிகளும்: சட்டத் தேர்வில் ஒரு சந்தேகப் பிரிவு

1868-இல் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு ஒரு கள்ள ஓட்டு வழக்கு வந்தது. ஏழைகளுக்கான நிவாரணத்தைக் கவனிக்கும் உள்ளூர்க் குழுவுக்குத் தேர்தல். இறந்துபோன வாக்காளர் ஒருவரின் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டுவிட்டார். போட்டது உண்மை, அவர் அதை அறிந்தே செய்தார் என்பதும் உண்மை. ஆனால் அன்றைய சட்டம், "ஓட்டுப் போட உரிமையுள்ள ஒருவராக" ஆள்மாறாட்டம் செய்வதைத்தான் குற்றம் என்றது. இறந்தவருக்கு ஓட்டுரிமை கிடையாது. எனவே உரிமையுள்ள எவராகவும் அவர் நடிக்கவில்லை என்று நீதிபதிகள் அவரை விடுவித்தார்கள். வைட்லி எதிர் சாப்பல் என்ற இந்த வழக்கைப் படிக்காமல் எந்தச் சட்ட மாணவரும் சட்டப் பொருள்கோடல் தாளைக் கடப்பதில்லை.

நம் நாட்டுச் சட்டத்தை எழுதியவர்கள் இந்த ஓட்டையை விடவில்லை. 1920-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 171 டி பிரிவு, "உயிருடன் இருப்பவராயினும் இறந்தவராயினும்" வேறொருவர் பெயரில் ஓட்டுக் கேட்பதே குற்றம் என்று சொன்னது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 172-ஆம் பிரிவிலும் அதே ஏற்பாடு இருக்கிறது. ஆனால் எல்லாப் பிரிவையும் இப்படி முன்கூட்டியே அடைத்துவிட முடியாது. எழுதும்போது யாருக்கும் தோன்றாத ஒரு நிகழ்ச்சி பின்னால் நடக்கும். அப்போது நீதிபதி அந்தச் சொற்களை எப்படி வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து ஒருவர் சிறைக்குப் போவார் அல்லது வீட்டுக்குப் போவார்.

அந்த வாசிப்புக்கு ஆங்கிலேயச் சட்ட மரபு மூன்று வழிகளைத் தந்திருக்கிறது. வகுப்பறையில் லிட்டரல் ரூல், கோல்டன் ரூல், மிஸ்சீஃப் ரூல் என்றே சொல்கிறோம். சொற்பொருள் விதி, பொன் விதி, கேடு களையும் விதி என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். தேர்வில் இவற்றை விளக்கச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். கற்பனையான ஒரு பிரிவையும் மூன்று ஆட்களையும் கொடுத்து, இவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டால்தான் தடுமாற்றம் வருகிறது. அப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, பதில் எப்படி உருவாக வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் கேள்வி. ஒரு மாநிலத்தில் நீர்நிலைகளைப் பாதுகாக்கச் சட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முகப்புரை இப்படிச் சொல்கிறது: "இரவில் வாகனங்களில் கொண்டுவரப்படும் கட்டடக் கழிவும் ஆலைக் கழிவும் ஏரிகளில் சேர்ந்து நீர்ப்பரப்பைக் குறைத்துவருவதாலும், கொட்டும்போது நேரில் பிடித்தால் மட்டுமே வழக்கு நிற்கும் என்ற நிலை இருப்பதாலும், இச்சட்டம் இயற்றப்படுகிறது." அதன் 4-ஆம் பிரிவு: "ஏரிக்கரையிலோ அதன் அருகிலோ, கழிவு ஏற்றிய வாகனத்தை இரவு நேரத்தில் நிறுத்தி வைக்கும் எவரும் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு உள்ளாவார்." கழிவு என்பதற்கும் இரவு நேரம் என்பதற்கும் சட்டத்திலேயே வரையறை இருக்கிறது. ஆலைக் கழிவுநீரும் கழிவுதான். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை இரவு. மற்றச் சொற்களுக்கு வரையறை இல்லை.

மூன்று பேர் பிடிபடுகிறார்கள். வேலு, கோடையில் வற்றிக் கிடந்த ஏரியின் நடுவே கட்டடக் கழிவு லாரியை ஓட்டிச் சென்று நள்ளிரவில் நிறுத்தியிருந்தார். அவர் கழிவைக் கொட்டத் தொடங்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் கரை 600 மீட்டர் தள்ளி இருந்தது. சாந்தி, கரையிலிருந்து 300 மீட்டர் தள்ளி, சுற்றுச்சுவருக்குள் இருக்கும் தன் காலி மனையில் ஆலைக் கழிவுநீர் நிரம்பிய டேங்கர் லாரியை நிறுத்தியிருந்தார். அதிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு குழாய் ஏரிவரை போகிறது. அதிகாரிகள் போன நேரத்தில் குழாயின் வால்வு மூடியிருந்தது. அன்வர், மாநகராட்சி குப்பைக் கிடங்குக்குக் கட்டடக் கழிவு கொண்டுபோக முறையான அனுமதிச் சீட்டு வைத்திருந்தார். இரவு பதினோரு மணிக்கு ஏரிக்கரைச் சாலையில் லாரியின் அச்சு முறிந்து வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை அங்கேயே காத்திருந்தார்.

விதிகளுக்குப் போகுமுன் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பிரிவின் எந்தச் சொல்லில் சந்தேகம், எதில் சந்தேகமே இல்லை என்று பிரிக்க வேண்டும். மூன்று பேரும் இரவில்தான் பிடிபட்டார்கள், மூன்று வண்டியிலும் வரையறைப்படி கழிவு இருந்தது. லாரியும் டேங்கரும் வாகனம்தான். இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். இவற்றுக்கு ஒரு பக்கம் செலவழிப்பவர் நேரத்தை இழக்கிறார். சந்தேகம் ஒவ்வொருவருக்கும் வேறு இடத்தில் நிற்கிறது. வேலுவுக்குக் "கரை", சாந்திக்கு "அருகில்", அன்வருக்கு "நிறுத்தி வைக்கும்". இந்த மூன்று சொற்களையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் பதிலின் பாதி வேலை முடிந்தது.

இனி வேலு. எப்போதும் சொற்பொருள் விதியிலிருந்தே தொடங்க வேண்டும். சொற்களுக்கு வழக்கிலுள்ள இயல்பான பொருளைக் கொடு, விளைவு பிடிக்காவிட்டாலும் மாற்றாதே என்பது அதன் உள்ளடக்கம். இதை அகராதியைத் திறந்து பார்ப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நம் உச்ச நீதிமன்றம் 1961-இல் வெற்றிலை காய்கறியா என்ற கேள்வியைச் சந்தித்தது. ராமாவதார் புதைப்ரசாத் வழக்கு அது. விற்பனை வரியிலிருந்து காய்கறிக்கு விலக்கு இருந்தது. தாவரம் எதுவும் அந்த ஆங்கிலச் சொல்லில் அடங்கும் என்று அகராதியைக் காட்டி வாதிட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் விளைந்து சாப்பாட்டுக்கு வருவதையே மக்கள் காய்கறி என்கிறார்கள், வெற்றிலையை அப்படிச் சொல்வதில்லை, எனவே வரி உண்டு என்று தீர்ப்பானது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, அந்தச் சொல்லைப் புழங்கும் சாதாரண ஆள் என்ன புரிந்துகொள்வார் என்பதே.

சாதாரண ஆளிடம் ஏரியின் நடுவில் நிற்கும் லாரி கரையில் நிற்கிறதா என்று கேட்டால், இல்லை என்பார். 600 மீட்டர் தள்ளி, ஏரியின் வயிற்றுக்குள் நிற்பதைக் கரைக்கு அருகில் என்றும் சொல்லமாட்டார். கரை கரைதான், உட்பரப்பு உட்பரப்புதான். எனவே சொற்பொருள் விதிப்படி வேலுவுக்கு விடுதலை. கள்ள ஓட்டு வழக்கு இந்த வாசிப்புக்குத் துணை நிற்கும்.

இங்கேதான் பொன் விதிக்கான கதவு திறக்கிறது. இந்த விதியைத் தெளிவாகச் சொன்னவர் ஜேம்ஸ் பார்க் என்ற நீதிபதி. 1836-இல் பெக் எதிர் ஸ்மித் வழக்கில் சொன்னார். பிறகு வென்ஸ்லிடேல் பிரபுவாகி, 1857-இல் கிரே எதிர் பியர்சன் வழக்கில் மறுபடி சொன்னார். இரண்டு பெயர்களும் ஒருவருடையவை என்று தெரியாமல் இரு நீதிபதிகளாக எழுதும் விடைத்தாள்கள் உண்டு. அவர் சொன்னதன் சாரம்: இயல்பான பொருளைப் பின்பற்று. அது அபத்தத்துக்கோ, சட்டத்தின் மற்றப் பகுதிகளோடு முரண்பாட்டுக்கோ கொண்டுபோனால் மட்டும், அந்த அபத்தத்தைத் தவிர்க்கும் அளவுக்குச் சொல்லின் பொருளை மாற்று. அதற்கு மேல் ஒரு அடிகூடப் போகாதே. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். நியாயமாகத் தோன்றுவதைச் செய்ய நீதிபதிக்கு அளித்த பொதுவான அதிகாரமாகப் பொன் விதியைக் கருதுவது பெரிய பிழை. அபத்தம் என்ன என்று சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

வேலு விஷயத்தில் அபத்தத்தைச் சொல்வது எளிது. கழிவு லாரியை ஏரிக்கு வெளியே கரையில் நிறுத்தியவருக்கு ஆறு மாதம், ஏரிக்குள்ளேயே ஓட்டிப்போய் நிறுத்தியவருக்கு ஒன்றுமில்லை. ஏரியைக் காக்க வந்த சட்டம் ஏரிக்குள் இருப்பவரை மட்டும் விட்டுவிடுகிறது. இதற்கு அச்சு அசலான முன்மாதிரி 1964-இன் ஆட்லர் எதிர் ஜார்ஜ் வழக்கு. இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியின் விமானப்படைத் தளத்துக்குள் காவலுக்கு நின்ற படையினர் ஒருவரின் வேலைக்கு ஆட்லர் இடையூறு செய்தார். 1920-இன் அரசு ரகசியச் சட்டம், தடைசெய்யப்பட்ட இடத்தின் "சுற்றுப்புறத்தில்" இடையூறு செய்வதைக் குற்றம் என்றது. நான் சுற்றுப்புறத்தில் இல்லை, தளத்துக்குள்ளேயே இருந்தேன் என்பது அவர் வாதம். வெளியே நின்றவர் குற்றவாளி, உள்ளே நின்றவர் நிரபராதி என்பது அபத்தம் என்று நீதிமன்றம், "இடத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோ" என்று சேர்த்து வாசித்து அவருக்கெதிராகத் தீர்த்தது.

சராசரி மாணவர் இங்கே நிறுத்திவிடுவார். நல்ல மாணவர் இன்னும் ஒரு அடி வைப்பார். ஆட்லர் வழக்கின் சட்டத்தில் இடமும் அதன் சுற்றுப்புறமும் பேசப்பட்டன. நம் பிரிவில் ஏரி என்று தனியாக வரவில்லை, ஏரிக்கரை என்றுதான் வருகிறது. எனவே "ஏரியிலோ" என்று சேர்ப்பது ஆட்லரில் செய்ததைவிடச் சற்றுப் பெரிய மாற்றம். ஆயினும் முகப்புரை ஏரிகளின் நீர்ப்பரப்பைப் பற்றியே பேசுவதால் அந்த மாற்றம் சட்டத்தின் உடலுக்குள்ளிருந்தே ஆதரவு பெறுகிறது. முன்தீர்ப்புக்கும் தன் கையிலுள்ள பிரிவுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படி ஒப்புக்கொண்டு எழுதும் இரண்டு வரி, பத்து வழக்குகளின் பெயரை அடுக்குவதைவிட மதிப்பு மிக்கது.

கேடு களையும் விதியும் வேலுவை அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். அதை ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டால் போதும். அந்த விதிக்கு உண்மையான வேலை சாந்தியிடம் இருக்கிறது.

சாந்தியின் டேங்கர் கரையில் இல்லை. அருகில் இருக்கிறதா என்பதே கேள்வி. இந்தச் சொல்லுக்குத் திட்டமான எல்லை இல்லை. ஏரியிலிருந்து 300 மீட்டரில் இருக்கும் வீட்டை ஏரிக்கு அருகில் என்று விளம்பரம் செய்வார்கள், யாரும் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஏரிக்கரைக்கு அருகில் வண்டியை நிறுத்தாதே என்று ஒரு டிரைவரிடம் சொன்னால், 300 மீட்டர் தள்ளி, சுவருக்குள் இருக்கும் ஒரு மனை அவர் மனத்தில் வராது. ஆக, சொற்பொருள் விதி இங்கே இரண்டு பக்கமும் பேசுகிறது. அதை அப்படியே எழுத வேண்டும். சொற்பொருள் விதி எப்போதும் ஒரே விடை தரும் என்று பாசாங்கு செய்யத் தேவையில்லை.

பொன் விதி உதவுமா? சாந்தி தப்பித்தால் அது அபத்தமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரையையும் அதன் ஓரத்தையும் மட்டும் காவல் காத்தால் போதும், தனியார் மனைகளுக்குள் போக வேண்டாம் என்று சட்டமன்றம் நினைத்திருக்கக்கூடும். அது விவேகமற்ற முடிவாக இருக்கலாம், அபத்தமான முடிவாகாது. சட்டத்தில் ஒரு இடைவெளி இருப்பதும் சட்டம் அபத்தமாக இருப்பதும் வேறு வேறு. இதைப் பிரித்துச் சொல்லிவிட்டு, பொன் விதி இவரிடம் எடுபடவில்லை என்று எழுதினால் தேர்வாளருக்கு நிம்மதியாக இருக்கும். மூன்று விதியும் எல்லோரிடமும் வேலை செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இப்போது கேடு களையும் விதி. மூன்றில் மூத்தது இதுதான். 1584-இல் ஹெய்டன் வழக்கில், மடாலய நிலங்கள் பற்றிய ஒரு தகராறில் பிறந்தது. நம் உச்ச நீதிமன்றம் 1955-இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் இதை ஏற்றுப் பயன்படுத்தியது. இந்த விதி நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. இந்தச் சட்டம் வருமுன் சட்ட நிலை என்ன? அந்த நிலை சமாளிக்காத கேடு எது? அதற்குச் சட்டமன்றம் கொடுத்த மருந்து என்ன? அந்த மருந்துக்கு உண்மையான காரணம் என்ன? இந்த நான்கையும் கேட்ட பிறகு, கேட்டை ஒடுக்கி மருந்தை வளர்க்கும் வாசிப்பை நீதிபதி தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏராளமான விடைத்தாள்களில் இந்த நான்கு கேள்விகளும் மனப்பாடமாக வரிசையாக இருக்கும். ஆனால் அவற்றுக்குப் பதில் இருக்காது. பதில்களைக் கற்பனை செய்யவும் கூடாது. கேள்வித்தாளே அவற்றைத் தருகிறது. நம் முகப்புரையை மறுபடி பாருங்கள். முன்பிருந்த நிலை: கழிவு கொட்டுவது மட்டுமே குற்றம், கொட்டும்போது பிடித்தால்தான் வழக்கு நிற்கும். கேடு: வாகனத்தில் இரவில் வரும் கழிவு, கையும் களவுமாகப் பிடிபடாமல் ஏரியில் சேர்கிறது. மருந்து: கொட்டுவதற்கு முந்தைய கட்டத்தையே, அதாவது கழிவு வண்டியோடு ஏரியை ஒட்டி நிற்பதையே குற்றமாக்குவது. காரணம்: நேரில் பிடிக்கும் சிரமத்தை நீக்கி நீர்ப்பரப்பைக் காப்பது.

இந்தப் பதில்களின் மேல் சாந்தியை வைத்துப் பாருங்கள். ஆலைக் கழிவு வாகனத்தில் வந்திருக்கிறது. நேரம் இரவு. அது ஏரியில் சேர வழி போட்டிருக்கிறது. வால்வு மூடியிருந்ததால் பழைய சட்டப்படி அவரைத் தொட முடியாது. புதிய சட்டம் எந்தக் கஷ்டத்துக்காக வந்ததோ, அந்தக் கஷ்டம் அப்படியே இங்கே இருக்கிறது. குழாய் இருப்பதால் 300 மீட்டர் தூரம் பொருளற்றுப் போகிறது. வால்வைத் திறந்தால் அந்த டேங்கர் கரையில் நிற்பதற்குச் சமம். எனவே "அருகில்" என்பதை, கழிவு ஏரியில் நேரடியாகச் சேரக்கூடிய அளவு நெருக்கத்தில் என்று வாசிக்கலாம்.

இதற்குப் பொருந்தும் முன்தீர்ப்பு, 1960-இன் ஸ்மித் எதிர் ஹியூஸ். "தெருவிலோ பொது இடத்திலோ" விபசாரத்துக்கு ஆள் அழைப்பதை 1959-இன் தெருக் குற்றங்கள் சட்டம் தடை செய்தது. குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் தெருவில் நிற்கவில்லை. வீட்டு மாடத்திலிருந்தும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்தும் தெருவில் போகிறவர்களை அழைத்தார்கள். மக்கள் தொல்லையில்லாமல் தெருவில் நடக்க வேண்டும் என்பதற்காக வந்த சட்டம் இது, அழைப்பு தெருவில் போகிறவரை எட்டியிருக்கிறது, அழைத்தவர் எங்கே நின்றார் என்பது முக்கியமில்லை என்று தலைமை நீதிபதி பார்க்கர் பிரபு தீர்ப்புச் சொன்னார். சாந்தியின் டேங்கரும் சுவருக்குள் நிற்கிறது, ஆனால் அதன் குழாய் ஏரியை எட்டுகிறது.

இந்த வாதம் அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கேயே முடித்துவிடக் கூடாது. நம் பிரிவு ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவு. தண்டனைச் சட்டத்தை இறுக்கமாகவே வாசிக்க வேண்டும் என்பது பழைய கொள்கை. 1954-இல் தோலாராம் ரேலுமல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், ஒரு தண்டனைப் பிரிவுக்கு நியாயமான இரண்டு பொருள்கள் சாத்தியமென்றால், தண்டனையிலிருந்து விடுவிக்கும் பொருளின் பக்கமே சாய வேண்டும் என்றது. குற்றச் செயலைத் தடுக்கிறோம் என்று சொல்லிச் சொற்களை அவற்றின் நியாயமான பொருளுக்கு அப்பால் இழுக்க நீதிமன்றத்துக்கு வேலையில்லை என்பதும் அந்தத் தீர்ப்பின் கருத்து. சாந்தியின் வக்கீல் நிச்சயம் இதை எடுப்பார். தன் மனையில் வண்டியை நிறுத்துபவர், 300 மீட்டர் தள்ளியிருக்கும் ஏரிக்காகச் சிறைக்குப் போகலாம் என்று பிரிவைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்பார். வலுவான கேள்விதான்.

இதற்கு அரசுத் தரப்பில் பதில் உண்டு. இரண்டு பொருள் இருப்பதுபோல் தோன்றிய உடனே குற்றவாளிக்குச் சாதகமாகத் தீர்த்துவிடுவதில்லை. சட்டத்தின் நோக்கத்தையும் மற்ற உதவிகளையும் வைத்துப் பார்த்த பிறகும் சந்தேகம் மிஞ்சினால்தான் அந்தக் கொள்கை வருகிறது. மேலும் "அருகில்" என்ற சொல் 300 மீட்டரைத் தாங்கும். இல்லாத சொல்லை இங்கே நாம் சேர்க்கவில்லை, இருக்கும் சொல்லுக்குள் இருக்கும் இடத்தைத்தான் பயன்படுத்துகிறோம். அதே குழாய் மூன்று கிலோமீட்டர் நீளமாக இருந்தால் என் விடை மாறிவிடும். கேடு அதே கேடுதான், ஆனால் மூன்று கிலோமீட்டரை எந்த ஆளும் அருகில் என்று சொல்லமாட்டார். அந்த இடத்தில் வாசிப்பு முடிந்து சட்டமியற்றல் தொடங்கிவிடும். அது சட்டமன்றத்தின் வேலை. கேள்வியிலுள்ள ஒரு விவரத்தை இப்படி மாற்றிப் பார்த்து எல்லை எங்கே இருக்கிறது என்று காட்டுவது, விதியை மாணவர் உண்மையிலேயே புரிந்துகொண்டிருக்கிறார் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல அடையாளம்.

அன்வரிடம் அதிக நேரம் தேவையில்லை. அவர் கரையில்தான் இருந்தார். வண்டியில் கழிவு இருந்தது. "நிறுத்தி வைக்கும்" என்பதை வண்டி அசையாமல் நிற்பது என்று எடுத்தால் அவர் குற்றவாளி. ஆனால் நிறுத்தி வைப்பது என்றால் ஒருவர் தானாக முடிவெடுத்துச் செய்வது என்றே பேச்சு வழக்கில் கொள்கிறோம். அச்சு முறிந்த வண்டியை டிரைவர் நிறுத்தி வைக்கவில்லை, அது நின்றுவிட்டது. எனவே சொற்பொருள் விதிக்குள்ளேயே அவருக்கு நல்ல வாதம் இருக்கிறது. முதல் பொருளை நீதிபதி ஏற்றாலும், முறையான கிடங்குக்குச் சட்டப்படி போய்க்கொண்டிருந்தவரை வண்டி பழுதானதற்காகச் சிறையிலடைப்பது அபத்தம் என்று பொன் விதி இரண்டாவது பொருளைத் தேர்ந்தெடுக்கும். கேடு களையும் விதியும் அவர் பக்கம்தான், ஏனெனில் அனுமதிச் சீட்டு இருக்கும் அந்தக் கழிவு ஏரிக்குப் போகவில்லை. தண்டனைச் சட்ட இறுக்கமும் அவருக்கே துணை. இப்படி எல்லா வழியும் ஒரே இடத்துக்குப் போகும்போது அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

எழுதும்போது இந்த வரிசை எப்படித் தோன்றும் என்பதற்கு வேலுவைப் பற்றிய ஒரு பத்தியை மாதிரியாகத் தருகிறேன். "வேலுவின் லாரி 'ஏரிக்கரையிலோ அதன் அருகிலோ' இருந்ததா என்பதே கேள்வி. இயல்பான பொருளில், வற்றிய ஏரியின் நடுப்பகுதி கரையாகாது. 600 மீட்டர் தூரம் அருகிலும் ஆகாது. எனவே சொற்பொருள் விதிப்படி அவர் தப்புகிறார். ஆனால் அந்த வாசிப்பில், ஏரிக்கு வெளியே நிற்பவர் தண்டிக்கப்பட, உள்ளே நிற்பவர் விடப்படுகிறார். ஆட்லர் எதிர் ஜார்ஜ் வழக்கில் இதே வகை அபத்தத்தைத் தவிர்க்க நீதிமன்றம் சொற்களைச் சேர்த்து வாசித்தது. இங்கும் 'ஏரியிலோ' என்று சேர்த்து வாசிக்க முகப்புரை இடமளிக்கிறது. இது தண்டனைப் பிரிவு என்றாலும், ஏரிக்குள் நிற்பவரை விடுவிப்பது நியாயமான மாற்றுப் பொருளாகாது. வேலு குற்றவாளி." விதி, சொல், நிகழ்ச்சி, முன்தீர்ப்பு, முடிவு எல்லாம் ஒரே பத்திக்குள் வந்துவிட்டன. ஹெய்டன் வழக்கின் வரலாறு எங்கும் தேவைப்படவில்லை.

தடுமாறிய விடைத்தாளைக் கண்டுபிடிப்பது சுலபம். முதல் இரண்டு பக்கங்களில் வேலு, சாந்தி, அன்வர் பெயர்கள் வராது. மூன்று விதிகளின் வரலாறும் நன்மை தீமைகளும் வரும். கடைசியில் அவசரமாக, வேலுவுக்கு ஒரு விதி, சாந்திக்கு ஒரு விதி, அன்வருக்கு ஒரு விதி என்று பங்கு பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இதுதான் மையமான தவறு. கேள்வியில் மூன்று பேர், பாடத்தில் மூன்று விதி என்பதால் ஆளுக்கொன்று என்று கணக்கு போட்டுவிடுகிறார்கள். ஒரே ஆளின் மேல், ஒரே சொல்லின் மேல் மூன்றையும் ஓட்டிப் பார்த்தால்தான் விதிகள் எங்கே பிரிகின்றன என்று தெரியும். எந்த விதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டளையிடும் மேல்விதி எதுவும் இல்லை. எனவே தேர்வுக்கான காரணத்தை எழுதுவதே பதிலின் உயிர்.

நம் ஊர் மாணவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நம் நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றில், சொற்களுக்கு இயல்பான பொருளைக் கொடுப்பதே "பொன் விதி" என்று எழுதியிருக்கும். அங்கே அந்தப் பெயர் சொற்பொருள் விதியைக் குறிக்கிறது. அந்த வரியை மட்டும் எடுத்து, அபத்தத்தைத் தவிர்க்கும் விதிக்கு ஆதாரமாகக் காட்டினால் பதில் தலைகீழாகிவிடும். மேற்கோளை எடுக்குமுன் அந்த நீதிபதி சொல்லை மாற்றினாரா, மாற்றாமல் விட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு: வேலு குற்றவாளி, அன்வர் நிரபராதி, சாந்தி குற்றவாளி. முதல் இரண்டில் மாற்றுக் கருத்து எழுதுபவருக்கு நல்ல காரணம் கிடைப்பது கடினம். சாந்தியை விடுவித்து எழுதும் மாணவர், தோலாராம் வழக்கைச் சரியாக வைத்து, முகப்புரையையும் குழாயையும் நேருக்கு நேர் சந்தித்திருந்தால், எனக்கு எதிரான முடிவுக்கும் முழு மதிப்பெண் போடுவேன். சட்டம் படிக்கிறவர்கள் இன்று இரவே அந்த எதிர்த்தீர்ப்பை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் "அருகில்" என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுத்த பொருளை அடிக்கோடிட்டு, அதற்கான காரணம் அந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.